பவுண் நகையையும் கண்ணாடிச் சட்டப் படத்தையும் ஒளித்தெறிப்பு இல்லாமல் படம் எடுப்பது எப்படி?

போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளி நகைகளில் ஒரு தொகுதியை 2025 மே மாதத் தொடக்கத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. உரியவர்களை அடையாளம் கண்டு திருப்பிக் கொடுக்கப்படும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் உடனே எழுந்த கேள்வி ஒன்றுதான். ‘இது என்னுடைய காப்பு, இது என் அம்மாவின் சங்கிலி’ என்று எதைக் காட்டி நிரூபிப்பது? பற்றுச்சீட்டு இடப்பெயர்வில் போய்விட்டது. கலியாண அல்பமும் போய்விட்டது. அல்பம் மிஞ்சியவர்களின் படத்தில்கூட நகை இருக்குமிடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் தெரிகிறது.

வன்னியில் சிறிய ஸ்டூடியோ ஒன்றில் படம் எடுக்கும் தொழில் செய்கிறேன். அண்மைக் காலமாக இரண்டு வேலைகளுக்காக ஆட்கள் அதிகம் வருகிறார்கள். ஒன்று, அடகு வைக்கவோ விற்கவோ முன்னர் நகையைப் படம் எடுத்து வைப்பது. மற்றது, சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சட்டப் படத்தைப் பிரதி எடுப்பது. பெரும்பாலும் அது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் அல்லது கணவரின் ஒரேயொரு படமாக இருக்கும். இரண்டையும் வீட்டிலேயே கைத்தொலைபேசியால் எடுக்கலாம். எடுத்தவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் குறையும் ஒன்றாகவே இருக்கிறது. நகையில் பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றிக் கரும்பழுப்பு. சட்டப் படத்திலோ முகத்தின் மேல் யன்னல், அதற்குள் படம் எடுப்பவரின் நிழலுரு.

குறை ஒன்றுதான் என்றாலும் இரண்டுக்கும் மருந்து நேரெதிர். அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

பளபளப்பான பொருள் எதைக் காண்கிறது?

பாடசாலை விஞ்ஞானத்தில் படித்திருப்போம்: படுகோணமும் தெறிகோணமும் சமம். மட்டமான கடதாசியில் விழும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். எனவே எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் கடதாசி கடதாசியாகவே தெரியும். மினுக்கிய பவுணும் கண்ணாடியும் அப்படியல்ல. அவை தமக்கு முன்னால் இருப்பதையே திருப்பிக் காட்டும். அதனால் ஒரு காப்பைப் படம் எடுக்கும்போது நாங்கள் எடுப்பது காப்பை மட்டுமல்ல. காப்பு ‘காணும்’ அறையையும் சேர்த்தே எடுக்கிறோம்.

இரவில் கூரையில் ஒரு குமிழ் எரியும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பு காண்பது ஒரு சின்னக் குமிழையும், சுற்றிவர இருக்கும் இருண்ட சுவர்களையும், குனிந்து நிற்கும் எங்களையும்தான். ஆகவே படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் மிச்சம் கறுப்பும் வருகின்றன. பிளாஷ் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கமராவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தச் சிறு வெளிச்சம் நேரே திரும்பி வந்து அடிக்கும். கூடுதலாகக் குமிழ் போட்டாலும் பயனில்லை. புள்ளிகளின் எண்ணிக்கைதான் கூடும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கைத்தொலைபேசியை வைக்கப்போகும் அதே இடத்தில் உங்கள் ஒரு கண்ணை வைத்து, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு நகையைப் பாருங்கள். நகையின் மேல் எந்தெந்தப் பொருள் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரிவது எல்லாம் படத்திலும் வரும். தெரியும் பொருளை அகற்றுங்கள், அல்லது அது இருக்கும் இடத்தில் வெள்ளை மட்டையோ கறுப்புத் துணியோ வையுங்கள். இந்த வேலையில் மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

நகைக்கு: ஒளிப்பெட்டி

காப்பு, சங்கிலி, தோடு போன்றவை வளைந்த பொருட்கள். வளைந்த பொருள் ஏறக்குறைய எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் காணும். எனவே ஒரு பொருளை மட்டும் அகற்றிப் பயனில்லை. அதைச் சுற்றியுள்ள உலகத்தையே வெள்ளையாக்க வேண்டும். அதற்குத்தான் ஒளிப்பெட்டி.

ஒவ்வொரு பக்கமும் சுமார் 40 சென்ரிமீற்றர் உள்ள கடதாசி மட்டைப் பெட்டி ஒன்று போதும். பிஸ்கட் மொத்தமாக வரும் பெட்டியைக் கடையில் கேட்டால் தருவார்கள். பெட்டியின் வாய் உங்களைப் பார்க்கும்படி கிடத்தி வையுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மேற்பக்கம் மூன்றிலும் ஓரத்தில் 4 சென்ரிமீற்றர் விட்டு நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் மூன்று யன்னல்கள் கிடைக்கும். அவற்றை மெல்லிய வெள்ளைத் துணியால் வெளிப்புறமாக மூடி ஒட்டுங்கள். பழைய வேட்டித் துணி மிக நன்று. ஆனால் கரையோ சாயமோ இருக்கக்கூடாது, சுருக்கமும் இருக்கக்கூடாது. இரண்டும் பவுணில் தெரியும். ட்ரேசிங் கடதாசியும் பாவிக்கலாம். உள்ளே வெள்ளைப் பிரிஸ்டல் மட்டை ஒன்றைப் பின்சுவரின் உச்சியிலிருந்து தரைவரை மடிக்காமல் வளைத்து விடுங்கள். மடிப்பு இருந்தால் பின்னணியில் ஒரு கோடு விழும்.

வெளிச்சத்துக்கு ஒரே வகையான இரண்டு எல்.ஈ.டி. குமிழ்கள் வேண்டும். ஒன்று மஞ்சள், மற்றது வெள்ளை என்று இருக்கக்கூடாது. பவுணின் நிறம் பக்கத்துக்கொன்றாக மாறிவிடும். பழைய இழைக் குமிழ்கள் சூடாகித் துணியையும் மட்டையையும் கருக்கும் என்பதால் அவை வேண்டாம். குமிழ் யன்னலிலிருந்து சுமார் 30 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும். கிட்ட வைத்தால் துணியின் நடுவில் மட்டும் ஒரு வட்டம் ஒளிரும், அந்த வட்டமே நகையில் புள்ளியாக விழும். தள்ளி வைத்தால் துணி முழுவதும் ஒளிரும். 6 சென்ரிமீற்றர் குமிழ் இப்போது 30 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட ஒளிச்சுவராக மாறியிருக்கும். துணியின் பலனெல்லாம் அதுதான்.

மின்சாரம் இல்லாத நேரம் பகல் வெளிச்சம் போதும். நேர் வெயில் விழாத யன்னலோரம் பெட்டியை வைத்தால், ஒரு பக்கத் துணி யன்னலைப் பார்த்திருக்க, எதிர்ப்பக்கம் வெள்ளை மட்டையே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

பெட்டியின் திறந்த வாயைப் பலர் மறந்து விடுகிறார்கள். அந்த வாய்க்கு வெளியே இருப்பவை உங்கள் சட்டையும் கைத்தொலைபேசியும். காப்பின் முன்பக்கத்தில் கறுப்பாக ஒரு செவ்வகம் தெரிந்தால் அது உங்கள் தொலைபேசிதான். வாயை மூடக்கூடிய அளவு வெள்ளை மட்டை ஒன்றில் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும் துளை ஒன்றை வெட்டி, அதன் ஊடாகப் படம் எடுங்கள்.

ஒரு சோடி காப்பு: படிப்படியாக

அண்மையில் ஒருவர் அடகு வைக்க முன்னர் கொண்டுவந்த ஒரு சோடி காப்பைக் கொண்டு இதைச் சொல்கிறேன். வெளிப்புறம் நன்றாக மினுக்கிய, ஓரத்தில் மட்டும் மெல்லிய வெட்டு வேலை உள்ள காப்புகள் அவை.

முதலில் சுத்தம் செய்தோம். இளஞ்சூட்டு நீரில் சிறிதளவு சவர்க்காரம், மென்மையான பல்துலக்கி, பிறகு பழைய பருத்தித் துணி. அதன்பின் துணியால் மட்டுமே பிடித்தோம். விரல் அடையாளம் வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படத்தில் பூஞ்சணம் போலத் தெரியும். கல் ஒட்டிய நகையைத் தண்ணீரில் போடாமல் துணியால் மட்டும் துடைப்பது நல்லது.

ஒரு காப்பைக் கிடத்தி, மற்றதை அதன்மேல் சாய்த்து வைத்தோம். இரு பக்கக் குமிழ்களையும் போட்டு எடுத்த முதல் படத்தில் வெள்ளைப் புள்ளி இல்லை. ஆனால் நகை வெளிறி, தட்டையாக, மஞ்சள் கடதாசியில் வெட்டி ஒட்டியது போல இருந்தது. ஒளிப்பெட்டி செய்தவர்கள் பலர் இந்த இடத்தில் சலித்துப் போகிறார்கள். காரணம் எளிது. காப்பு எங்கும் வெள்ளையையே கண்டால் எங்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். வளைவைக் காட்டுவதற்கு வெளிச்சமும் வேண்டும், இருட்டும் வேண்டும்.

எனவே வலப்பக்கக் குமிழை அணைத்தோம். அந்தப் பக்கம் பெட்டிக்குள் ஒரு வெள்ளை மட்டையை நகையிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்தினோம். இடப்பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, வலப்பக்கத்தை மெதுவாக நிரப்பியது. இப்போது காப்பு ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் படிப்படியாகக் கருகியது. உருண்டை என்று கண் உடனே உணர்ந்தது. மட்டையைக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் குறையும், தள்ளினால் கூடும். ஈயத்தாள் ஒட்டிய மட்டை இன்னும் பலமாகத் திருப்பும். ஆனால் அதன் கசங்கல்கள் நகையில் கோடு கோடாகத் தெரியும் என்பதால் மினுக்கிய நகைக்கு வெறும் வெள்ளை மட்டைதான் சரி.

அடுத்ததாக, 2 சென்ரிமீற்றர் அகலமும் 15 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள கறுப்பு மட்டைக் கீற்று ஒன்றை, படத்துக்குள் வராதபடி இடப்பக்கம் நிறுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக நகர்த்தினோம். ஓர் இடத்தில் காப்பின் வளைவு நெடுக ஒரு மெல்லிய கருங்கோடு ஓடியது. அந்தக் கோடு வந்தவுடன் பவுண் பவுணாகத் தெரிந்தது. வெளிறிய பின்னணியிலிருந்து ஓரமும் பிரிந்து நின்றது.

கைத்தொலைபேசியை நகைக்கு மிகக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். சுமார் 30 சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்தி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் வட்டம் கோணாது, தொலைபேசியின் உருவும் நகையில் சிறுக்கும். ஒரு போத்தலில் சாய்த்து நிறுத்தி, 3 செக்கன் நேரக்கணிப்பில் எடுத்தால் கை நடுங்காது. வெள்ளைப் பின்னணியைக் கண்ட கமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். திரையில் காப்பைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சிறிது மேலே இழுங்கள்.

எவ்வளவு இழுப்பது என்பதற்குப் பவுணே அளவுகோல். பவுண் வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பும்போது அதற்குத் தன் மஞ்சளைப் பூசியே திருப்பும். எனவே சரியாக எடுத்த படத்தில், மிகப் பிரகாசமான இடம்கூட வெளிர் மஞ்சளாகவே இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கடதாசி போன்ற சுத்த வெள்ளை இருந்தால் வெளிச்சம் கூடிவிட்டது, அந்த இடத்தின் வேலைப்பாடு பதிவாகவில்லை. அதைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. குறைத்து மீண்டும் எடுக்க வேண்டும்.

கல் பதித்த அட்டியல், தோடு என்றால் இன்னொரு படம் தேவை. மென்மையான வெளிச்சத்தில் கற்கள் உயிரற்றுத் தெரியும். மின்னுவதற்கு அவற்றுக்குச் சின்ன, கூரிய வெளிச்சம் வேண்டும். பெட்டியின் மேல்துணியின் ஓரத்தை விலக்கி, சிறிய ரோச் வெளிச்சம் ஒன்றை மேலிருந்து காட்டி எடுங்கள்.

அடையாளத்துக்கான படம் வேறு

விற்பனைக்கு அழகான படம் ஒன்று போதும். உரிமையை நிறுவ அது போதாது. அடகுச் சிட்டையில் பெரும்பாலும் நகையின் வகை, எண்ணிக்கை, நிறை என்பவையே இருக்கும். ‘காப்பு 2’ என்று எழுதினால் ஊரில் ஆயிரம் சோடிக்கு அது பொருந்தும். உங்கள் காப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் பின்பக்கம், கொளுக்கி, பற்றாசு வைத்துத் திருத்திய இடம், நெளிவு, கீறல், பத்தர் அடித்த முத்திரை என்பவைதான். முழு நகையை ஒருமுறை, பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒருமுறை, பிறகு இந்த அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கிட்டவும் எடுங்கள்.

முத்திரையைப் படிக்கும்படி எடுப்பது எப்படி? ஒளிப்பெட்டியில் அது மறைந்துவிடும். பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையைக் காண்பதே காரணம். வெளிச்சத்தை ஒரு பக்கம் மட்டும், மேசைக்குச் சற்று மேலே தாழ்வாக வையுங்கள். முத்திரை உள்ள தட்டையான பகுதிக்கு எதிரே கறுப்பு மட்டையைப் பிடியுங்கள். நகையை மெதுவாகச் சரித்தால், ஒரு கோணத்தில் தட்டையான இடம் கருகும், எழுத்துகளின் ஓரம் மட்டும் ஒளிரும். அந்தக் கணத்தில் எடுங்கள்.

பொன்னிற மட்டையைத் தெறிப்பானாக வைத்தால் நகை கூடுதல் மஞ்சளாகத் தெரியும். சில விற்பனைப் படங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். அடையாளப் படத்தில் அதைச் செய்ய வேண்டாம். நிறமே சாட்சியாக வேண்டிய இடத்தில் அது பொய் சொல்லும்.

கண்ணாடிச் சட்டப் படத்துக்கு: வெள்ளை அல்ல, கறுப்பு

2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரம் போராடி வருகிறார்கள். அவர்கள் கையில் ஏந்தும் படங்கள் பல, பிரதியின் பிரதியாகி முகம் மங்கியவை. மூலப்படம் வீட்டுச் சுவரில், கண்ணாடிக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. சட்டத்தைக் கழற்றி, படத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்து எடுக்க முயல வேண்டாம். பழைய படங்களின் மேற்பூச்சு ஈரப்பதத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். உரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஒட்டியிருக்கிறதா என்று பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தெரியும். ஒட்டிய இடம் ஈரமானது போலக் கருமையாக, ஒழுங்கற்ற ஓரத்தோடு இருக்கும். அப்படியானால் கண்ணாடியோடு சேர்த்துத்தான் படம் எடுக்க வேண்டும்.

இங்கே ஒளிப்பெட்டி உதவாது, கெடுக்கும். வளைந்த காப்பு எல்லாத் திசையையும் காணும். தட்டையான கண்ணாடி, கமராவின் நிலையிலிருந்து பார்க்கும்போது, தனக்கு நேரெதிரே உள்ள ஒரு பகுதியை மட்டுமே திருப்பிக் காட்டும். அந்தப் பகுதி வெள்ளையாக இருந்தால் முகத்தின் மேல் பால் ஊற்றியது போல இருக்கும். அது கறுப்பாக இருந்தால் கண்ணாடி இல்லாதது போலவே மறைந்துவிடும். எனவே கமராவுக்குப் பின்னால் இருட்டும், பக்கங்களில் வெளிச்சமும் வேண்டும்.

செய்முறை இது. சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, மேசையில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். கறுப்புத் துணி அல்லது பெரிய கறுப்பு மட்டை ஒன்றில் லென்ஸுக்குத் துளையிட்டு, அதற்குப் பின்னால் தொலைபேசியை வைத்து, நீங்களும் அதற்குப் பின்னால் நில்லுங்கள். துணி சட்டத்தைவிட அகலமாக, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. உங்களுக்குப் பின்னால் உள்ள யன்னல், கதவு, தொலைக்காட்சி, சாமிப்பட விளக்கு எல்லாவற்றையும் மூடுங்கள் அல்லது அணையுங்கள். இரண்டு குமிழ்களை இடமும் வலமும் ஒரே தூரத்தில், படத்தின் தளத்தோடு 30 முதல் 45 பாகைக் கோணத்தில் வையுங்கள். அந்தக் கோணத்தில் கண்ணாடியில் படும் வெளிச்சம் எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், லென்ஸுக்கு வராது. கண்ணாடிக்குள் இருக்கும் படம் சிதறவிடும் வெளிச்சம் மட்டுமே கமராவுக்கு வரும். நாங்கள் தேடுவதும் அதைத்தான்.

கமரா படத்துக்கு நேராக இல்லாவிட்டால் முகம் ஒரு பக்கம் ஒடுங்கும். நேராக இருக்கிறதா என்று அறிய, முகம் பார்க்கும் சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைச் சட்டத்தின் நடுவில் தட்டையாகப் பிடியுங்கள். தொலைபேசித் திரையில், அந்தக் கண்ணாடியின் நடுவில் லென்ஸே தன்னைத் தான் பார்க்க வேண்டும். அது பக்கம் விலகித் தெரிந்தால் கமராவைச் சரிசெய்து, பிறகு கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள்.

லாமினேட் செய்த படங்களும் இதே வகைதான். ஆனால் பிளாஸ்திக் நெளிந்திருப்பதால் பல கோணங்களில் வெளிச்சத்தைத் திருப்பும். சுத்தமான கண்ணாடித் தகடு ஒன்றை மேலே வைத்து அழுத்தினால் பிளாஸ்திக் தட்டையாகும். தட்டையான பின் மேலே சொன்ன முறையே போதும். வெயிற் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்து எடுத்தால் தெறிப்பு போகும் என்று சிலர் சொல்வார்கள். முனைவாக்கிய வகைக் கண்ணாடி, சரிவாகப் பார்க்கும்போது கண்ணாடித் தெறிப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நேரெதிரே நின்று எடுக்கும் இந்த வேலையில் அது பயன்தராது. பவுணின் தெறிப்பை அதனால் நீக்கவும் முடியாது. கறுப்புத் துணிதான் மலிவு, நிச்சயமும்கூட.

எடுத்த பின்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், முத்திரை எழுத்தும் கண் இமையும் கரைந்துவிடும். ‘ஆவணம்’ என்ற வழியாக அனுப்பினால் மூல அளவிலேயே போகும். ஒரு பிரதியை உங்கள் தொலைபேசியில் வைத்திருங்கள், இன்னொன்றை வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மீண்டும் ஓர் இடப்பெயர்வோ வெள்ளமோ வந்தாலும் இரண்டும் ஒன்றாக அழியாது. நகைப் படத்தோடு அடகுச் சிட்டையின் படத்தையும் எடுத்த திகதியையும் சேர்த்து வையுங்கள். முகநூலில் போட வேண்டாம். வீட்டில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்கு அறிவிப்பதாக அது முடியும்.

படம் மட்டுமே உரிமையை நிறுவிவிடும் என்று சொல்ல முடியாது. பற்றுச்சீட்டு, சாட்சி, நிறை என்பவையும் கேட்கப்படலாம். ஆனால் பத்தரின் முத்திரையும் பற்றாசுத் தழும்பும் தெளிவாகத் தெரியும் ஒரு படம் கையில் இருந்தால், ‘ஒரு சோடி காப்பு’ என்ற பேச்சு ‘இந்தச் சோடி காப்பு’ என்று மாறும். சட்டத்துக்குள் இருக்கும் முகத்தைப் பொறுத்தவரை, மூலத்திலிருந்து நேரே எடுத்த தெளிவான பிரதி ஒன்று இருந்தால், பிரதியின் பிரதியை இனி யாரும் ஏந்த வேண்டியதில்லை.